துணி துவைத்த தண்ணீரும் களிமண் தோட்டமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

வாஷிங் மெஷின் தண்ணீரை வாழைக்கு விட்டு முதல் சில மாதங்கள் எல்லாம் நன்றாகவே போகும். வாழை தளதளவென்று வளரும், கல்வாழை பூக்கும். பிறகு ஏதோ ஒரு கோடையில் வாழையிலையின் ஓரம் பழுப்பேறிக் கருகத் தொடங்கும். இட்லிப்பூச் செடியில் புதுத் துளிர் மஞ்சளாக வரும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். காலையில் விட்ட தண்ணீர் மறுநாளும் குழியில் தேங்கிக் கிடக்கும். "கெமிக்கல் தண்ணி ஊத்தினா இப்படித்தான்" என்று சொல்லிக் குழாயைச் சாக்கடைக்குத் திருப்பிவிடுவார்கள். கெமிக்கல் என்று பொதுவாகச் சொன்னால் எதுவும் புரியாது. இங்கே கெடுதல் செய்ததில் முக்கியமானது ஒரே ஒரு பொருள், சோடியம். அது எங்கிருந்து எவ்வளவு வருகிறது என்று தெரிந்தால் தோட்டத்தையும் காப்பாற்றலாம், தண்ணீரையும் விட வேண்டியதில்லை.

கணக்குக்கு ஒரு மாதிரி வீட்டை எடுத்துக்கொள்வோம். சென்னை கொளத்தூர் பக்கம், தரைத்தள வீடு, நான்கு பேர். 6.5 கிலோ டாப் லோடு மெஷின் பின்கட்டில் இருக்கிறது, வாரத்துக்கு நான்கு முறை ஓடுகிறது. தண்ணீர் போர் தண்ணீர். கடினத்தன்மை லிட்டருக்கு 400 மில்லிகிராம், சோடியம் 100 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். பின்பக்கம் இரண்டு வாழைக் குத்துகளும் கொஞ்சம் கல்வாழையும் இருக்கின்றன. மண் களிமண். கடைசியாகச் சொன்ன இதுதான் இந்த வீட்டின் தலையெழுத்தை முடிவு செய்கிறது. திருவான்மியூர், கொட்டிவாக்கம் போன்ற கடலோர மணலில் இதே தண்ணீர் இவ்வளவு சீக்கிரம் தொல்லை கொடுக்காது.

பவுடரில் என்ன இருக்கிறது

சாதாரண சலவைப் பவுடரில் அழுக்கை எடுக்கும் பொருள், அதாவது நுரைக்கும் பகுதி, பெரும்பாலும் ஐந்தில் ஒரு பங்குக்குள்தான் இருக்கும். மிச்சமெல்லாம் சலவைச் சோடா, சோடியம் சல்பேட், கொஞ்சம் சோடியம் சிலிகேட், சில பவுடர்களில் சாதா உப்பு, அதோடு எடையைக் கூட்டச் சேர்க்கும் கல்மாவு. கடின நீரில் நுரை வர வேண்டும் என்பதற்காகச் சோடாவைத் தாராளமாகப் போடுகிறார்கள். பவுடர் கட்டிதட்டாமல் உதிரியாக இருக்கவும் அளவு நிரம்பவும் சல்பேட்டைப் போடுகிறார்கள். இரண்டிலும் இருப்பது சோடியம்.

ஒரு துவைப்புக்கு 80 கிராம் பவுடர் என்று கொள்வோம். அதில் சோடா 35 சதவீதம் என்றால் 28 கிராம். பவுடரில் போடும் நீரற்ற சலவைச் சோடாவின் எடையில் 43 சதவீதம் சோடியம், ஆகவே அதிலிருந்து 12 கிராம். சல்பேட் 30 சதவீதம் என்றால் 24 கிராம். அதில் 32 சதவீதம் சோடியம், ஆகவே இன்னொரு 8 கிராம். சிலிகேட்டிலும் நுரைப்பொருளிலும் இருப்பதையும் சேர்த்தால் மொத்தம் 21 கிராம் வரும். வாரத்துக்கு நான்கு முறை, ஆண்டுக்கு 52 வாரம் என்று பெருக்கினால் 4.4 கிலோ சோடியம். அதே அளவு சோடியம் சேர வேண்டுமானால் 11 கிலோ சமையல் உப்பைத் தோட்டத்தில் கொட்ட வேண்டும். தெரிந்தே அதை யாரும் செய்ய மாட்டார்கள். பவுடர் வழியாக ஒவ்வொரு துவைப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போவதால் கண்ணில் படுவதில்லை.

மண்ணில் அது செய்யும் வேலை இதுதான். களிமண் துகள்கள் மிக நுண்ணியவை. கால்சியமும் மெக்னீசியமும் அவற்றைக் கொத்துக் கொத்தாகப் பிடித்து வைத்திருக்கின்றன. கொத்துகளுக்கு நடுவே உள்ள இடைவெளி வழியாகத்தான் தண்ணீர் இறங்குகிறது, வேர் சுவாசிக்கிறது. சோடியம் மிகுந்த தண்ணீர் திரும்பத் திரும்பப் போனால் அந்தக் கால்சியத்தின் இடத்தைச் சோடியம் பிடித்துக்கொள்ளும். கொத்து உடையும், துகள்கள் பிரிந்து இடைவெளிகளை அடைக்கும். மேலே காய்ந்தால் ஓடு, நனைந்தால் வழவழப்பு. மணலில் அடைப்பதற்குக் களித்துகளே அதிகம் இல்லாததால் இந்தச் சேதம் குறைவு.

ஆகவே தண்ணீரில் எவ்வளவு சோடியம் என்பதோடு, அதை எதிர்க்கக் கால்சியமும் மெக்னீசியமும் எவ்வளவு இருக்கின்றன என்றும் பார்க்க வேண்டும். வேளாண் ஆய்வகங்கள் இதைச் சோடியம் உறிஞ்சு விகிதம் என்று அறிக்கையில் தருகின்றன. மண்ணின் மேல் பாய்ச்சும் நீரில் இது 3-க்குக் கீழ் இருந்தால் பயிருக்குச் சோடியத்தால் கவலையில்லை என்பதும், 9-ஐத் தாண்டினால் கடும் பாதிப்பு என்பதும் உலக உணவு வேளாண் நிறுவனம் பாசன நீருக்குத் தந்திருக்கும் வரம்பு. நம் மாதிரி வீட்டின் போர் தண்ணீரில் இந்த விகிதம் சுமார் 2. பவுடர் கரைந்த தண்ணீரில் குறைந்தது 11. சோடா, தண்ணீரிலிருக்கும் கால்சியத்தைச் சுண்ணாம்பாகப் படியவைத்து வெளியேற்றிவிடுவதால் அது 20-ஐயும் தாண்டலாம். சோடியத்தைச் சேர்ப்பதோடு, காப்பாற்ற வேண்டிய கால்சியத்தையும் சோடா எடுத்துவிடுகிறது. மற்ற எதையும்விட முதலில் சோடாவைத் தவிர்க்கச் சொல்வது இதனால்தான்.

ஒரு மெஷின், மூன்று தண்ணீர்

இவ்வளவு சொன்னபின் மெஷின் தண்ணீரே வேண்டாம் என்று தோன்றும். ஆனால் ஒரு சுற்றில் மெஷின் வெளியேற்றுவது ஒரே தண்ணீர் இல்லை.

இந்த மாதிரி மெஷின் துவைக்க 50 லிட்டர் பிடிக்கிறது. துவைத்து, தண்ணீரை விட்டு, சற்றே சுழற்றியபின் துணியில் 5 லிட்டர் அளவுக்கு ஈரம் தங்குகிறது, 45 லிட்டர் வெளியே போகிறது. கரைந்த உப்பில் 90 சதவீதம் அந்த 45 லிட்டரோடு போய்விடுகிறது. அடுத்து முதல் அலசலுக்குப் புதிதாக 45 லிட்டர் வருகிறது. மிச்சமிருந்த பத்தில் ஒன்பது பங்கு அதோடு வெளியேறுகிறது. இரண்டாம் அலசலில் போவது மொத்தத்தில் ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. பவுடர் சேர்க்கும் சோடியத்தை லிட்டருக்கு என்று பார்த்தால் துவைத்த நீரில் 420 மில்லிகிராம், முதல் அலசலில் 42, இரண்டாவதில் 4. அலசிய தண்ணீரின் சோடியம் விகிதம் 3-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோதான் நிற்கிறது.

அதாவது முதல் 45 லிட்டரைச் சாக்கடைக்கு விட்டுவிட்டு அலசிய 90 லிட்டரை மட்டும் தோட்டத்துக்கு எடுத்தால், தண்ணீரில் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கும், உப்பில் பத்தில் ஒரு பங்குதான் வரும். பவுடரை விட மனமில்லாத வீட்டுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

இந்தக் கணக்கு நடுவில் சுழற்சி இருக்கும் மெஷினுக்குப் பொருந்தும். செமி ஆட்டோமேட்டிக்கில் துவைத்த துணியைப் பிழியாமல் அதே தொட்டியில் அலசினால், 5 கிலோ துணியில் 12 முதல் 15 லிட்டர் சோடா நீர் தங்கியிருக்கும். அப்போது முதல் அலசலும் தோட்டத்துக்கு ஆகாது. துவைத்ததும் துணியை ஸ்பின் தொட்டியில் போட்டு ஒரு முறை சுற்றிவிட்டு அலசினால் நிலைமை சரியாகிவிடும்.

ஆர்.ஓ. வைத்திருக்கும் வீடுகளில் கையடக்க டிடிஎஸ் மீட்டர் பெரும்பாலும் இருக்கும். குழாய்த் தண்ணீர், துவைத்த நீர், இரண்டு அலசல் நீர் என்று நான்கு டம்ளரில் பிடித்து, ஆறியதும் அளந்து பாருங்கள். பவுடர் போட்டிருந்தால் துவைத்த நீர் குழாய்த் தண்ணீரைவிட ஆயிரத்தை ஒட்டிக் கூடுதலாகக் காட்டும். கடைசி அலசல் குழாய்த் தண்ணீரோடு கிட்டத்தட்டச் சமமாக இருக்கும். முதல் அலசல் குழாய்த் தண்ணீரைவிட 200-க்கு மேல் கூடுதலாகக் காட்டினால் பவுடர் அதிகம், அல்லது நடுச் சுழற்சி சரியாக நடக்கவில்லை.

எதை விட வேண்டும், எதை வாங்கலாம்

இந்திய உறைகளில் முழுச் சேர்மானமும் எழுதியிருக்காது. 'மூலிகை', 'இயற்கை' என்ற சொற்கள் எதையும் நிரூபிக்காது. சோடா உள்ளதா என்று வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம். ஆரத்திக்கு மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்த்ததும் சிவக்கிறதே, அதே வேதியியல்தான். ஒரு சிட்டிகை மஞ்சள்தூளைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து வெள்ளைக் காகிதத்தில் தடவிக் காயவிடுங்கள். அரை டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி டிடர்ஜெண்டைக் கரைத்து அதிலிருந்து ஒரு சொட்டு வையுங்கள். சோடா பவுடர் என்றால் சொட்டு விழுந்த இடம் உடனே செங்கல் நிறமாகும். சோடா இல்லாத லிக்விட் மஞ்சளாகவே நிற்கும், அல்லது லேசாக ஆரஞ்சு தட்டும். அடுத்து அதே கரைசலை அசையாமல் கால் மணி நேரம் வைத்து, தெளிந்த மேல்நீரை வேறு டம்ளரில் ஊற்றி எலுமிச்சை பிழியுங்கள். பொங்கினால் கார்பனேட் கரைந்திருக்கிறது. அடியில் வெள்ளையாகப் படிந்தது கரையாத கல்மாவோ ஜியோலைட் என்ற கனிமப் பொடியோ. அது செடிக்கு நேரடியாக விஷமில்லை, ஆனால் குழாயையும் மண்ணின் துளைகளையும் அடைக்கும்.

மெஷினுக்கென்று வரும் லிக்விட் டிடர்ஜெண்டில் பெரும்பகுதி தண்ணீர், மிச்சம் நுரைப்பொருள், நொதி, வாசனை. 50, 60 மில்லி ஊற்றினால் சேரும் சோடியம் பொதுவாக 2 கிராமுக்குள் முடிந்துவிடும். பவுடரோடு ஒப்பிட்டால் பத்தில் ஒரு பங்கு. அதனால் நல்ல லிக்விட் என்றால் மூன்று தண்ணீரையும் தோட்டத்துக்கு விடலாம். நுரைப்பொருளே சேதம் செய்யாதா என்று கேட்கலாம். இன்று பெரும்பாலான டிடர்ஜெண்டுகளில் இருப்பதைக் காற்றோட்டமுள்ள மண்ணில் நுண்ணுயிர்கள் சிதைத்துவிடும். காற்றில்லாத சகதியில் அது சிதையாது. குழியில் தண்ணீர் தேங்கக் கூடாது என்பதற்குக் கொசுவைத் தவிர இதுவும் ஒரு காரணம். கேனில் லூஸாக விற்கும் லிக்விடுகளில் கெட்டியாகத் தெரிவதற்காக உப்பும், சிலவற்றில் சோடாவும் சேர்ப்பதுண்டு. வாங்கியதும் மஞ்சள் சோதனை செய்துவிடுங்கள்.

சோடாவுக்கு அடுத்தபடியாகப் போரான் இருக்கும் எதையும் அண்ட விடக் கூடாது. வெண்காரம், போரேட் என்ற பெயர்களில் அது வரும். வீட்டிலேயே டிடர்ஜெண்ட் செய்யும் குறிப்புகளில் வெண்காரமும் சலவைச் சோடாவும் சேர்ந்தே இருக்கும், தோட்டத்துக்கு அதைவிட மோசமான கூட்டணி கிடையாது. போரான் செடிக்கு மிகச் சிறிதளவு தேவை. ஆனால் பாசன நீரில் லிட்டருக்கு 0.7 மில்லிகிராமைத் தாண்டினாலே கூச்சமுள்ள செடிகள் பாதிக்கப்படத் தொடங்கும். களிமண் அதைப் பிடித்துவைத்துக்கொள்வதால் கழுவி வெளியேற்றுவதும் கடினம். சோடியத்துக்கு மருந்து உண்டு, போரானுக்குக் கழுவுவதைத் தவிர வேறில்லை.

வெள்ளைத் துணிக்குப் போடும் குளோரின் பிளீச்சும், 'கிருமிநாசினி' என்று அலசலில் ஊற்றும் திரவமும் குழியில் வேலை செய்யும் நுண்ணுயிர்களைக் கொல்லும். துணி மென்மைக்கு ஊற்றும் கண்டிஷனரில் இருக்கும் நேர்மின் சேர்மங்களும் நுண்ணுயிருக்கு ஆகாதவை. அதோடு கண்டிஷனர் கடைசி அலசலில்தான் சேர்கிறது, அதாவது நாம் ஆசைப்பட்டு எடுக்கும் சுத்தமான நீரில். அலசலை மட்டும் பிடிக்கும் வீடு கண்டிஷனரை அறவே விட்டுவிட வேண்டும். ஆக்சிஜன் கறைநீக்கிப் பொடி தண்ணீரில் பிரிந்து பெராக்சைடும் சோடாவும் ஆகும். பெராக்சைடு நீராகவும் ஆக்சிஜனாகவும் போய்விடும், சோடா தங்கும். ஆகவே பவுடருக்குச் சொன்ன விதியே அதற்கும்.

பார் சோப்பைத் தேய்த்து மெஷினில் போடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. கொழுப்பிலிருந்து செய்த சோப்பு, போர் தண்ணீரின் கால்சியத்தோடு சேர்ந்து வெண்மையான பிசுக்காகத் திரியும். அது குழாயின் உள்சுவரில் ஒட்டி, துணிப்பஞ்சைப் பிடித்து அடைப்பாக்கும். காலருக்கும் கஃபுக்கும் மட்டும் தேய்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. பூந்திக்கொட்டைக் கஷாயம் மண்ணுக்கு நல்லதுதான். ஆனால் மீனுக்கு நஞ்சு, மீன் வளர்க்கும் தொட்டிப் பக்கம் அந்தத் தண்ணீர் போகக் கூடாது. சொட்டு நீலம் விடுவது சில சொட்டுகள்தான், அதற்குக் கவலைப்பட வேண்டாம். கஞ்சி போட்ட தண்ணீர் குழியில் புளித்து நாறும், அதைச் சாக்கடைக்கே விடுங்கள்.

குழாய் வேலை

மெஷினின் வெளியேற்றும் குழாயை அரை அங்குலத் தோட்டக் குழாயோடு நேராக இணைப்பதுதான் அதிகம் பார்க்கும் தவறு. மெஷின் பம்பு சுமார் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தள்ளவே வடிவமைத்தது. நீளமான மெல்லிய குழாயில் எதிரழுத்தம் கூடி, பம்பு சூடேறிப் பழுதாகும். தோட்டம் தாழ்வாக இருந்தால் வேறொரு சிக்கல்: குழாய் காற்றுப்புகாமல் நீரால் நிறைந்து, மெஷின் நிரப்ப நிரப்பத் தண்ணீர் தானாக உறிஞ்சப்பட்டுப் போய்க்கொண்டே இருக்கும். மெஷின் நிரம்பாமல் ஓடிக்கொண்டே இருந்தால் அதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இரண்டையும் தவிர்க்க, மெஷின் குழாயைத் திறந்த வாயுள்ள செங்குத்துக் குழாய் ஒன்றில் தளர்வாக விட்டுவிட வேண்டும். 63 மி.மீ. பிவிசி குழாய், தரையிலிருந்து 90 செ.மீ. உயரம். பம்பின் வேலை அங்கேயே முடிகிறது, அதன் பிறகு தண்ணீர் வாட்டத்தில் ஓடட்டும். அடியில் ஒரு டீ போட்டு இரு பக்கமும் 40 மி.மீ. பால் வால்வு. ஒன்று தோட்டத்துக்கு, இன்னொன்று சாக்கடை கல்லி டிராப்புக்கு. செங்குத்துக் குழாயில் 75 செ.மீ. உயரத்தில் இன்னொரு டீ வைத்து, வால்வே இல்லாமல் அதையும் கல்லி டிராப்புக்கே இறக்குங்கள். தோட்டப் பக்கம் அடைத்துக்கொண்டாலோ, இரண்டு வால்வையும் மறந்து மூடிவிட்டாலோ, நுரை பொங்கினாலோ தண்ணீர் பின்கட்டில் பரவாமல் அதுவாகவே சாக்கடைக்குப் போய்விடும்.

தோட்டத்துக்குப் போகும் 40 மி.மீ. குழாய்க்கு மீட்டருக்கு 2 செ.மீ. வாட்டம் போதும். குழி 8 மீட்டர் தள்ளி இருந்தால் மொத்தம் 16 செ.மீ. இறக்கம். நடுவில் எங்கும் குழாய் தொய்யக் கூடாது, தொய்ந்த இடத்தில் தங்கும் தண்ணீர் நாறும், பஞ்சு படியும். இரண்டு குழிக்குப் பிரிக்கும் ஒய்-யை மட்டமாக வைக்க வேண்டும். சற்றுச் சாய்ந்தாலும் முழுத் தண்ணீரும் ஒரே பக்கம் போகும். மண்ணால் மூடுவதற்கு முன் இரு முனையிலும் வாளி வைத்து ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

பஞ்சு வடிகட்டி வைப்பதா என்ற கேள்வி வரும். சொட்டுநீர்க் குழாயில் இந்த நீரை விட எண்ணாதீர்கள், சில வாரங்களிலேயே துளைகள் அடைத்துவிடும். திறந்த முனை 25 மி.மீ.க்குக் குறையாமல் இருந்தால் வடிகட்டி இல்லாமலே ஓடும், பஞ்சு மூடாக்கில் தங்கிவிடும். பருத்திப் பஞ்சு மக்கும், பாலியஸ்டர் இழை மக்காது. அது மண்ணில் சேர வேண்டாம் என்றால் செங்குத்துக் குழாயின் வாயில் மெல்லிய நைலான் வலைப்பையை மெஷின் குழாயில் கட்டித் தொங்கவிட்டு, ஒவ்வொரு துவைப்புக்குப் பின்னும் உதறிக் கழுவுங்கள். கழுவாமல் விட்டால் பை நிறைந்து தண்ணீர் மேலே வழியும்.

பம்பு இல்லாமல் தரைமட்டத்தில் வடியும் மெஷின்களும் உண்டு. அவற்றுக்குத் தோட்டம் தரையைவிடத் தாழ்வாக இருந்தால்தான் இந்த ஏற்பாடு ஒத்துவரும்.

ஓட்டும் முறை இதுதான். சாக்கடை வால்வு எப்போதும் திறந்திருப்பதே இயல்பு நிலை. துவைத்த தண்ணீர் வெளியேறி, மெஷின் அலசலுக்கு மறுபடி நிரப்பத் தொடங்கும் சத்தம் கேட்டதும் தோட்ட வால்வைத் திறந்து சாக்கடை வால்வை மூட வேண்டும். முடிந்ததும் பழையபடி மாற்ற வேண்டும். தோட்ட வால்வைத் திறக்க மறந்தாலும் நஷ்டம் தண்ணீர் மட்டும்தான், மண்ணுக்குக் கேடில்லை.

குழி

வாழைக் குத்தைச் சுற்றி 60 செ.மீ. தள்ளி, 30 செ.மீ. அகலமும் 30 செ.மீ. ஆழமும் உள்ள வட்ட வாய்க்கால் வெட்டினால் அதன் நீளம் 3.8 மீட்டர் வரும். காய்ந்த சருகு, தென்னை மட்டைத் துண்டு, மரச்சீவல் என்று நிரப்பினாலும் உள்ளே பாதி இடம் வெற்றிடமாக இருக்கும், சுமார் 170 லிட்டர் கொள்ளும். ஒரு துவைப்பின் 90 லிட்டர் இரண்டு குழிக்குப் பிரிந்தால் ஒன்றுக்கு 45 லிட்டர்தான். கொள்ளளவில் பிரச்சினை இல்லை, இறங்குவதில்தான். ஆரோக்கியமான களிமண்ணில் மணிக்கு 5 மி.மீ. இறங்கும் என்று வைத்தால், அடிப்பரப்பும் பக்கச் சுவரும் சேர்ந்து அந்த 45 லிட்டரை ஐந்தாறு மணி நேரத்தில் குடித்துவிடும். சோடியத்தால் கெட்ட களிமண்ணில் இது மணிக்கு 1 மி.மீ.க்கும் கீழே போகும், மறுநாள் காலையிலும் தண்ணீர் நிற்கும். எனவே துவைத்த மறுநாள் மூடாக்கை விலக்கிப் பார்ப்பதே இந்த ஏற்பாட்டுக்குச் சிறந்த அளவுகோல்.

குழாய் முனையை மண்ணில் புதைக்காதீர்கள், ஆறு மாதத்தில் வேர் உள்ளே நுழைந்துவிடும். அடியில்லாத பழைய வாளியைக் கவிழ்த்துப் புதைத்து, பக்கத்தில் துளையிட்டுக் குழாயை நுழைத்து, முனைக்கும் கீழே உள்ள சருகுக்கும் நடுவே 10 செ.மீ. காற்றிடைவெளி விட வேண்டும். மேலே மூடி போட்டால் திறந்து பார்ப்பது எளிது. தண்ணீர் எப்போதும் மூடாக்குக்கு அடியிலேயே போக வேண்டும், வெளியே தெரியக் கூடாது. டிரம்மில் சேர்த்து வைக்க நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள், அதற்கு மேல் நாற்றமும் கொசுவும் வரும்.

மே மாத வெயிலில் சென்னையில் நாளுக்கு 6 மி.மீ. அளவுக்கு நீர் ஆவியாகும். நான்கு சதுர மீட்டர் பரந்த வாழைக் குத்துக்கு அது நாளுக்கு 24 லிட்டர். வாரத்துக்கு நான்கு துவைப்பின் அலசல் நீர் 360 லிட்டர், நாளுக்கு 51 லிட்டர். இரண்டு குத்துக்குச் சரியாக இருக்கும். வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் எல்லாவற்றையும் சாக்கடைக்குத் திருப்பிவிடுங்கள். மண்ணைக் கழுவும் வேலை அப்போது மழையுடையது, நிறைந்த குழியில் அதைச் செய்ய முடியாது.

வாழைக்குத் தாகம் அதிகம், ஆனால் உப்பைத் தாங்காது. பவுடர்த் தண்ணீரால் முதலில் அடிபடுவது அதுதான். தென்னையும் சப்போட்டாவும் அதைவிடத் தாங்கும். எலுமிச்சை, ரோஜா, இட்லிப்பூ, தொட்டிச் செடிகள் ஆகியவற்றுக்கு அலசல் நீரையும் தவிர்க்கவும். தொட்டியில் உப்புக் கழுவிப் போக வழியில்லை. கீரை, கிழங்கு, தரையில் படரும் காய்கள் பக்கம் இந்த நீர் போகவே கூடாது. உள்ளாடை துவைத்த நீரில் மலக்கிருமி இருக்கும். குழந்தையின் கழிவுத்துணி, நோயாளியின் படுக்கைத்துணி துவைத்த நீர் எல்லாமே சாக்கடைக்குத்தான். மழைநீர் சேகரிப்புக் குழியில் இதை இணைப்பது பெரும் தவறு. அந்தக் குழி மேல்மண்ணைத் தாண்டி நிலத்தடி நீருக்கு நேர்வழி அமைக்கிறது, இடையில் சுத்திகரிக்க எதுவும் இல்லை.

கெட்ட மண்ணை மீட்பது

முதலில் சோடியம்தான் காரணமா என்று உறுதி செய்யுங்கள். குழி ஓரத்திலிருந்து கடலை அளவுக் காய்ந்த மண்கட்டி ஒன்று, தோட்டத்தின் வேறு மூலையிலிருந்து ஒன்று. இரண்டு கண்ணாடி டம்ளரில் மழைநீரோ ஆர்.ஓ. நீரோ ஊற்றி ஆளுக்கொன்றாக மெதுவாக இறக்குங்கள். கலக்காதீர்கள். இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். நல்ல மண் கட்டி உதிர்ந்து குவியலாக உட்கார்ந்திருக்கும், நீர் தெளிவாக இருக்கும். சோடியம் ஏறிய மண்ணைச் சுற்றிப் பால்போல ஒரு வளையம் எழுந்து நீர் முழுக்கக் கலங்கும். போர் தண்ணீரில் இந்தச் சோதனை பலிக்காது, அதில் கரைந்திருக்கும் உப்பும் கால்சியமும் கலங்கலை அமுக்கிவிடும்.

கலங்கினால் மருந்து ஜிப்சம். அதன் கால்சியம் சோடியத்தைத் துகளிலிருந்து விலக்கும், விலகிய சோடியம் சல்பேட்டாகக் கரைந்து தண்ணீரோடு கீழே இறங்கும். ஒரு கிராம் சோடியத்தை விலக்க ஏறத்தாழ 3.7 கிராம் ஜிப்சம் வேண்டும். மண் ஆய்வு அறிக்கை இருந்தால் அதன்படி போடுங்கள். இல்லாவிட்டால் சதுர மீட்டருக்கு அரை கிலோ போட்டு, மேல் 15 செ.மீ. மண்ணில் கொத்திக் கலந்து, மக்கிய தொழு உரமும் சேர்த்து, நல்ல தண்ணீர் நிறைய விட வேண்டும். கழுவி இறக்கத் தண்ணீர் இல்லாமல் ஜிப்சம் மட்டும் போட்டால் சோடியம் அங்கேயே நிற்கும். செப்டம்பர் கடைசியில் போட்டால் அடுத்து வரும் மழையே கழுவிவிடும், இதற்கு அதைவிட நல்ல நேரம் இல்லை. சுண்ணாம்பு போடாதீர்கள். காரம் ஏறிய மண்ணில் அது கரையாது, காரத்தையும் கூட்டும். மழை முடிந்ததும் ஜனவரியில் கண்ணாடி டம்ளர் சோதனையை மறுபடி செய்து, இன்னும் கலங்கினால் இன்னொரு அரை கிலோ.

வாழையில் முன்பே கருகிய இலை பச்சையாகாது. புதிதாக விரியும் இலையின் ஓரம் சுத்தமாக வருகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். இட்லிப்பூவின் மஞ்சள் வேறு கதை. மண்ணில் காரம் ஏறியதால் வேருக்கு இரும்பு எட்டவில்லை. இரும்புச் சத்து தெளித்தால் தற்காலிகமாகப் பச்சை திரும்பும், அந்தச் செடியைக் குழிப் பக்கத்திலிருந்து மாற்றுவதே தீர்வு.

இந்த வழி செல்லாத இடம்

பல அடுக்குமாடிக் குடியிருப்புகளில் போர் தண்ணீரை சாஃப்ட்னர் வழியாக விடுகிறார்கள். அந்த எந்திரம் தண்ணீரின் கால்சியம், மெக்னீசியத்தை எடுத்துக்கொண்டு அதற்கு ஈடாகச் சோடியத்தைக் கொடுக்கிறது. உப்பு மூட்டை வாங்கிப் போடுவது அதற்காகத்தான். 400 கடினத்தன்மையை முழுக்க நீக்கினால் லிட்டருக்கு 184 மில்லிகிராம் சோடியம் சேரும். ஒரு துவைப்பின் 140 லிட்டரில் அது 26 கிராம், நாம் மேலே கணக்கிட்ட பவுடரைவிட அதிகம். எதிர்க்கக் கால்சியமும் மிச்சமில்லை. எவ்வளவு நல்ல லிக்விட் வாங்கினாலும், எந்த அலசலைப் பிடித்தாலும் அந்தத் தண்ணீர் களிமண்ணுக்கு உதவாது. மெஷினுக்குச் சாஃப்ட்னர் இல்லாத தனி இணைப்பு கொடுக்க முடிந்தால் கொடுக்கலாம். முடியாவிட்டால் அலசிய நீரை வாளியில் பிடித்து, அன்றைக்கே கழிப்பறையில் ஊற்றவும் கார் ஷெட்டைக் கழுவவும் வைத்துக்கொள்ளுங்கள்.